லீவில் போகுமுன் எழுதும் நாலு வரி

"நான் விடுப்பில் இருக்கிறேன். அவசரமென்றால் அலுவலகத்தைத் தொடர்பு கொள்ளவும்." இப்படி ஒரு தானியங்கி பதில் வந்தால், மெயில் அனுப்பியவர் யாரைக் கேட்பார்? எத்தனை நாள் பொறுப்பார்?

கணக்குப் பிரிவில் சப்ளையர் பில்களைப் பார்க்கும் ஒருவர் 2026 பொங்கலுக்கு ஊருக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜனவரி 14 புதன் முதல் 20 செவ்வாய் வரை லீவு. மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்பவர்களுக்கு வழக்கமான கடைசி நாளும் 20தான். அந்த வாரம் பில்லில் சந்தேகம் வந்தால் யாராவது பதில் சொல்லியே ஆக வேண்டும்.

"20 வரை லீவு" என்று எழுதினால் 20 அன்று ஆள் இருப்பாரா என்ற குழப்பம் வரும். திரும்பி வரும் நாளை, கிழமையோடு எழுதுவதே நல்லது. தேதியைத் தவறாக அடித்துவிட்டாலும் கிழமை காட்டிக்கொடுத்துவிடும்.

பொறுப்பேற்பவரிடம் முதலில் நேரில் கேட்க வேண்டும். அவரும் 16 அன்று லீவா? நிலுவை பில்களின் பட்டியல் அவர் கையில் இருக்கிறதா? பணம் விடுவிக்க ஒப்புதல் தரும் அதிகாரம் அவருக்கு இல்லையென்றால், அது யாருக்கு இருக்கிறது? சொல்லாமல் பெயரைப் போட்டுவிட்டுப் போவது அவருக்குச் செய்யும் அநியாயம். கேட்டு முடித்தபின் எழுதும் பதில் இப்படி இருக்கலாம்:

"வணக்கம். ஜனவரி 21, புதன்கிழமை காலை வேலைக்குத் திரும்புவேன். அதுவரை பில், ஜிஎஸ்டி விவரங்களுக்குக் கவிதாவை அணுகவும் (இங்கே அவருடைய மெயில், அலுவலக எண்). உங்கள் மெயில் அவருக்குத் தானாகப் போகாது. தயவுசெய்து அவருக்கு மறுபடி அனுப்பவும். மற்றவற்றுக்கு 22ஆம் தேதிக்குள் நான் பதில் தருகிறேன்."

தானாகப் போகாது என்ற வரியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். கவிதா பார்த்துக்கொள்வார் என்று நம்பி சப்ளையர் காத்திருப்பார். கவிதாவுக்கோ எதுவும் வந்திருக்காது. எந்த ஊருக்கு, எதற்காகப் போகிறோம் என்பதெல்லாம் வெளியாட்களுக்குத் தேவையில்லை.

ஜிமெயிலில் `Vacation responder` பகுதியில் `First day` 14, `Last day` 20 என்று கொடுத்தால் 20 இரவோடு பதில் நின்றுவிடும். அதே ஆள் திரும்பத் திரும்ப மெயில் போட்டாலும் நான்கு நாளுக்கு ஒருமுறைதான் பதில் போகும். நடுவில் பொறுப்பாளர் மாறினால் பதிலைத் திருத்திச் சேமிக்க வேண்டும். அப்போது கணக்கு புதிதாகத் தொடங்கும், அடுத்த மெயில் போடுபவருக்குப் புதிய பெயர் போய்ச் சேரும்.

அலுவலக அவுட்லுக்கில் உள்ளே இருப்பவர்களுக்கும் வெளியாட்களுக்கும் தனித்தனிப் பெட்டிகள் உண்டு. உள்ளே இருப்பவர்களுக்கு மட்டும் எழுதிவிட்டு வெளியாட்களுக்கான பதிலை இயக்காமல் போனால், சப்ளையருக்கு ஒன்றுமே போகாது. பதிலை இயக்கியதும் சொந்த மெயிலிலிருந்து அலுவலக முகவரிக்கு ஒரு வரி அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.