தொடும் புள்ளியைத் தேடுங்கள்

வாரத்துக்கு டீக்கும் வடைக்கும் 200 ரூபாய் ஒதுக்குகிறார் ஒருவர். டீ 20 ரூபாய், வடை 10 ரூபாய். முழுப் பணத்துக்கும் டீ குடித்தால் 10, வடையாகவே வாங்கினால் 20. கிடைமட்ட அச்சில் 10 டீயையும் செங்குத்து அச்சில் 20 வடையையும் குறித்து இணைத்தால் கிடைப்பது பட்ஜெட் கோடு. அதற்கு மேலே உள்ளது எதுவும் அவர் பைக்கு எட்டாது.

சமநோக்கு வளைகோடு அவர் மனதின் படம். ஒரே வளைகோட்டில் எந்தப் புள்ளியும் அவருக்கு ஒரே திருப்திதான். மேலே செல்லச் செல்ல, திருப்தி கூடும்.

அவர் இப்போது 2 டீ, 16 வடை வாங்குகிறார் என்று வைப்போம். பணம் சரியாகிவிட்டது. ஆனால் வடை சலித்துவிட்டது. இன்னொரு டீக்காக ஐந்து வடையை விடவும் தயார். கடையில் விட வேண்டியதோ இரண்டுதான். ஆகவே டீ பக்கம் நகர்வது லாபம். படத்தில் இங்கே வளைகோடு பட்ஜெட் கோட்டை வெட்டிக்கொண்டு போகும். வெட்டும் புள்ளியையே விடையாக எழுதுவதுதான் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு.

நகர நகர, டீ மீதான ஆசை தணியும். 5 டீ, 10 வடையில் அவர் விடத் தயாரானதும் இரண்டு, கடை கேட்பதும் இரண்டு. வளைகோடு பட்ஜெட் கோட்டைத் தொட்டு மட்டும் நிற்கிறது. அதுவே சிறந்த தேர்வு.

வடையே பிடிக்காதவருக்கு இந்தத் தொடுபுள்ளி கிடையாது. அவருடைய விடை கோட்டின் முனையில், 10 டீயில் இருக்கும்.