'கடை'யை 'அடை' ஆக்காமல் ஒட்டுவது எப்படி?

ரயில்வேயில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு பெரியவரின் பேச்சை ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து பதிவு செய்தேன். நல்ல குரல், நல்ல ஞாபகம். ஆனால் இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை "வந்து", "இந்த", "என்ன சொல்ல வந்தேன்னா" என்று நிறுத்தி நிறுத்திப் பேசுவார். நேரில் கேட்டால் அது அழகு. 40 நிமிட ஒலிப்பதிவாகக் கேட்கிறவருக்கு அலுப்பு. அதனால் கணினியில் போட்டு 61 இடங்களில் வெட்டினேன். மேஜை ஸ்பீக்கரில் கேட்டபோது எல்லாம் சரியாகவே இருந்தது. இரவில் ஹெட்ஃபோன் மாட்டிக் கேட்டால், வெட்டிய இடங்களில் பாதிக்கு மேல் "டிக்", "டக்" என்று சத்தம். யாரோ நகத்தால் மைக்கைத் தட்டுவதுபோல.

மூலப் பதிவை எடுத்துக் கேட்டேன். அதில் எங்கேயும் அந்தச் சத்தம் இல்லை. அவர் மேஜையைத் தட்டவில்லை, மைக்கும் ஆடவில்லை. அந்த "டிக்" என் கத்தரிக்கோல் உண்டாக்கியது.

டிஜிட்டல் ஒலிப்பதிவு என்பது அடிப்படையில் எண்களின் வரிசை. ஒரு விநாடிக்கு 48,000 தடவை, அந்த நொடியில் ஒலியலை எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று அளந்து எழுதி வைக்கிறார்கள். ஒவ்வோர் அளவும் ஒரு சாம்பிள். பேச்சின் ஒலியலை கடல் அலைபோல நடுக்கோட்டுக்கு மேலேயும் கீழேயும் ஏறி இறங்குகிறது. நான் வெட்டிய ஓர் இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெட்டுக்கு முந்தைய கடைசி சாம்பிள் நடுக்கோட்டுக்கு மேலே, நூற்றுக்கு 31 என்ற உயரத்தில் நின்றது. வெட்டுக்குப் பிந்தைய முதல் சாம்பிள் கோட்டுக்குக் கீழே 24. இடையில் இருந்ததை நான் எடுத்துவிட்டதால், 31-இல் இருந்த அலை ஒரே சாம்பிளில், அதாவது விநாடியில் 48,000-இல் ஒரு பங்கு நேரத்தில், 55 படிகள் கீழே குதிக்க வேண்டும். திரையில் அது செங்குத்தான சுவராகத் தெரிகிறது.

ஸ்பீக்கருக்குள் இருக்கும் காகிதக் கூம்பு இந்த எண்களைப் பின்தொடர்ந்துதான் முன்னும் பின்னும் ஆடுகிறது. சுவர் வரும் இடத்தில் அதற்கு ஓர் உதை விழுகிறது. அப்படிச் சட்டென்று நடக்கும் எந்த மாற்றத்திலும் கனத்த ஒலியிலிருந்து கீச்சொலி வரை எல்லா அலைவரிசையும் கொஞ்சம் கொஞ்சம் கலந்திருக்கும். ஒலியை நிறமாலையாகக் காட்டும் ஸ்பெக்ட்ரோகிராமில் பார்த்தால், வெட்டிய இடத்தில் அடியிலிருந்து உச்சிவரை மெல்லிய நேர்கோடு ஒன்று நிற்கும். அந்தக் கோடும் நீங்கள் வெட்டிய இடமும் ஒன்றாக இருந்தால் குற்றவாளி எடிட்டிங். கோடு வேறெங்கோ இருந்தால் அது வாய்க்குள் நாக்கு ஒட்டிப் பிரியும் சத்தமாகவோ, பதிவின்போது கணினி திணறியதாகவோ இருக்கலாம். "ப" சொல்லும்போது மைக்கில் காற்று மோதி வரும் "டொம்" சத்தமும் தனிக் கதை. அவற்றுக்கெல்லாம் மருந்து வேறு.

எனக்கு முதலில் பிடிபடாத விஷயம் ஒன்று உண்டு. பேச்சே இல்லாத இடைவெளியில், மௌனத்தில் வெட்டிய இடங்களிலும் "டக்" வந்தது. ஒன்றுமில்லாத இடத்தில் வெட்டினால் எங்கிருந்து சத்தம் வருகிறது? அந்தக் கூடத்தில் ஃபேன் ஓடிக்கொண்டிருந்தது. அதோடு மின்சாரத்தின் 50 ஹெர்ட்ஸ் ரீங்காரமும் பதிவில் ஏறியிருந்தது. காதுக்கு மௌனம், எண்களுக்கு மௌனம் இல்லை. 20 மில்லிசெகண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் ஒரு மெதுவான அலை அடியில் ஓடிக்கொண்டே இருக்கிறது. அதை ஏறுமுகத்தில் வெட்டி இறங்குமுகத்தோடு ஒட்டினால் அங்கேயும் சுவர்தான்.

அலை நடுக்கோட்டைக் கடக்கும் புள்ளியில் வெட்டு, சுவர் எழாது என்று ஒரு பழைய யோசனை உண்டு. ஆடாசிட்டியில் Z விசையை அழுத்தினால், நீங்கள் தேர்ந்தெடுத்த பகுதியின் இரு முனைகளும் பக்கத்திலுள்ள அந்தப் புள்ளிக்கு நகர்ந்துகொள்ளும். பாதி நேரம் இது போதும். மீதிப் பாதியில் கைவிடும். ஒரு பக்கம் அலை மேலே ஏறுகிறது, மறுபக்கம் கீழே இறங்குகிறது என்றால், உயரம் ஒன்றாக இருந்தாலும் ஒட்டில் ஒரு முறிவு இருக்கும். ஸ்டீரியோ பதிவில் இடப்பக்க அலை கோட்டைக் கடக்கும்போது வலப்பக்க அலை வேறெங்கோ இருக்கும். வீடியோ எடிட்டருக்கு இந்தச் சலுகையே பெரும்பாலும் கிடையாது. விநாடிக்கு 25 ஃபிரேம் என்றால் ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்ட், அதற்குள் 1,920 சாம்பிள்கள். ஃபிரேம் ஓரத்தில்தான் வெட்ட முடியும் என்றால், அலை அங்கே எந்த நிலையில் இருக்கிறது என்பது அதிர்ஷ்டம்.

அதனால்தான் கிராஸ்ஃபேடு. முதல் துண்டின் வாலையும் இரண்டாம் துண்டின் தலையையும் ஒன்றன்மேல் ஒன்றாகக் கொஞ்சம் ஏற்றி வைத்து, முன்னதை முழு அளவிலிருந்து பூஜ்யத்துக்கு இறக்கிக்கொண்டே பின்னதைப் பூஜ்யத்திலிருந்து முழு அளவுக்கு ஏற்றுவது. 10 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேடு என்றால் 480 சாம்பிள்கள். ஒரே படியில் விழுந்த 55 இப்போது 480 படிகளில் சாவகாசமாக இறங்குகிறது. சுவர் இருந்த இடத்தில் சரிவு. கூம்புக்கு உதை இல்லை, காதுக்கு "டிக்" இல்லை. பேச்சுக்கு 5 முதல் 15 மில்லிசெகண்ட் போதும். அந்த நேரம் அவ்வளவு குறுகியது என்பதால், இரண்டு துண்டுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதே கேட்கிறவருக்குத் தெரியாது.

கணினி வருவதற்கு முன்பே இதைக் கையால் செய்திருக்கிறார்கள். வானொலி நிலையங்களில் கால் அங்குல டேப்பை ரேசர் பிளேடால் வெட்டும்போது நேராக வெட்டமாட்டார்கள். 45 பாகையில் சாய்த்து வெட்டுவார்கள். டேப் விநாடிக்கு 15 அங்குலம் ஓடினால், அந்தச் சாய்வு ஹெட்டைக் கடக்க விநாடியில் அறுபதில் ஒரு பங்கு, ஏறக்குறைய 17 மில்லிசெகண்ட் ஆகும். அந்த நேரத்தில் பழைய துண்டு கொஞ்சம் கொஞ்சமாக மறைந்து புதிய துண்டு கொஞ்சம் கொஞ்சமாக வரும். பிளேடில் காந்தம் ஏறியிருந்தால் சாய்த்து வெட்டியும் "டிக்" வரும் என்பதால், பிளேடின் காந்தத்தைப் போக்கிவிட்டு வெட்டுவார்கள். ஒளித்தடத்தில் ஒலியைப் பதித்த பழைய சினிமா ஃபிலிமிலும் இதே தொல்லைதான். ஒட்டின் மேல் முக்கோண வடிவில் கருப்பு மை பூசி, சத்தத்தை மெல்ல அணைத்து மெல்ல எழுப்பினார்கள்.

சரி, எல்லா வெட்டுக்கும் நீளமாக ஒரு கிராஸ்ஃபேடு போட்டுவிட்டால் வேலை முடிந்ததா? நான் அப்படித்தான் நினைத்தேன். 61 வெட்டையும் மொத்தமாகத் தேர்ந்தெடுத்து 60 மில்லிசெகண்ட் போட்டேன். "டிக்" ஒன்றுகூட இல்லை. ஆனால் பெரியவர், "எங்க அப்பா அந்தக் காலத்துல அடை வச்சிருந்தாரு" என்றார்.

அவர் சொன்னது: "எங்க அப்பா அந்தக் காலத்துல வந்து, இந்த, கடை வச்சிருந்தாரு." நான் "வந்து, இந்த" இரண்டையும் எடுத்துவிட்டு, "கடை"யின் தொடக்கத்தை ஒட்டி வெட்டியிருந்தேன். தமிழில் க, த, ப போன்ற வல்லின எழுத்தில் ஒரு சொல்லைத் தொடங்கும்போது முதலில் காற்று அடைபடுகிறது, பிறகு ஒரு சின்ன வெடிப்பு, உடனே உயிரொலி. அந்த வெடிப்பு சில மில்லிசெகண்டுதான், ஆனால் "க" என்று நமக்கு அடையாளம் காட்டுவதே அதுதான். அது 60 மில்லிசெகண்ட் ஏற்றத்தின் அடிவாரத்தில் மாட்டிக்கொண்டு தேய்ந்துபோய்விட்டது. எஞ்சியது "அடை". இந்த விதத்தில் "படி" "அடி" ஆகும், "தலை" "அலை" ஆகும். வேடிக்கை என்னவென்றால், எல்லாமே அர்த்தமுள்ள சொற்கள். கேட்கிறவர் இதைப் பிழை என்று சந்தேகிக்கவே மாட்டார்.

இதற்கு மருந்து கிராஸ்ஃபேடின் நீளத்தில் பாதி, வெட்டும் இடத்தில் பாதி. வெடிப்புக்கு முன்னால் காற்று அடைபட்டிருக்கும் அந்தக் குட்டி மௌனம் எடிட்டருக்குக் கிடைத்த வரம். அலைவடிவத்தைப் பெரிதாக்கினால் தட்டையான ஒரு துண்டாக அது தெரியும். வெட்டை வெடிப்புக்கு 20 மில்லிசெகண்ட் முன்னால் நகர்த்தி, அதை நடுவாக வைத்து 10 மில்லிசெகண்ட் கிராஸ்ஃபேடு போட்டேன். ஏற்றம் முடிந்து 15 மில்லிசெகண்ட் கழித்துத்தான் "க" வெடிக்கிறது. அப்பாவுக்குக் கடை திரும்பக் கிடைத்தது.

செய்முறையில் கவனிக்க வேண்டியது ஒன்று. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றி வைக்க, வெட்டுக்கு அப்பாலும் கொஞ்சம் ஒலி மிச்சம் இருக்க வேண்டும். வெட்டிய துண்டுகளைத் தனித்தனிக் கோப்பாகச் சேமித்துவிட்டு மூலத்தை அழித்துவிட்டால், கிராஸ்ஃபேடு பேச்சையே தின்னத் தொடங்கும். மூலக் கோப்பை வேலை முடியும்வரை விடாதீர்கள். ஆடாசிட்டியில் ஒட்டின் இரு பக்கமும் சில மில்லிசெகண்டைத் தேர்ந்தெடுத்து Crossfade Clips கொடுக்கலாம். பல வீடியோ எடிட்டிங் மென்பொருள்களில் தயாராக வரும் நீளம் ஒரு விநாடி. அதை அப்படியே விட்டால் பக்கத்துச் சொற்களெல்லாம் ஒன்றோடொன்று குழம்பும். முதலில் அதைக் குறையுங்கள்.

சாய்வின் வடிவத்தைப் பற்றி எடிட்டர்கள் நிறைய வாதிடுவார்கள். நேர்கோட்டுச் சாய்வில் நடுப்புள்ளியில் இரண்டு துண்டும் பாதிப்பாதியாக இருக்கும். ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத ஒலிகள் என்றால் அங்கே மொத்தச் சத்தம் 3 டெசிபல் தாழும். சம சக்தி வளைவு அந்தப் பள்ளத்தை நிரப்பும். அரை விநாடி கிராஸ்ஃபேடில் ஃபேன் சத்தம் மூச்சு வாங்குவதுபோல அமுங்கி எழுந்தால் இந்த வித்தியாசம் முக்கியம். 10 மில்லிசெகண்டில் இது காதுக்கு எட்டாது. எதைப் போட்டாலும் சரி.

குறுகிய கிராஸ்ஃபேடால் ஆகாத காரியமும் உண்டு. அது "டிக்"கை எடுக்கும். பின்னணி மாறியதை மறைக்காது. என் 61 வெட்டில் 58-க்கு 10 மில்லிசெகண்ட் போதுமாக இருந்தது. இரண்டு இடங்களில் இடையே யாரோ ஃபேன் வேகத்தைக் கூட்டியிருந்தார்கள். ஒட்டின் இரு பக்கமும் அறையின் இரைச்சல் வேறு வேறு. அங்கே பேச்சில்லாத இடமாகப் பார்த்து 300 மில்லிசெகண்டுக்கு இழுத்தேன். மீதி ஒன்றில், அவர் "வந்து" என்று இழுக்கும்போது தெருவில் ஒரு பஸ் நீளமாக ஹாரன் அடித்துக்கொண்டே போனது. எங்கே வெட்டினாலும் ஹாரன் பாதியில் அறுபட்டது. எவ்வளவு நீளக் கிராஸ்ஃபேடு போட்டாலும் பஸ் திடீரென்று தாவுவதுபோலக் கேட்டது. அரை மணி நேரம் முயன்று பார்த்துவிட்டு அந்த வெட்டை ரத்து செய்தேன். அந்த "வந்து" பதிவில் அப்படியே இருக்கிறது.