தெரியாத கேள்விக்கு இரண்டு மதிப்பெண்

ஐந்து மதிப்பெண் கேள்வி: ‘அலையாத்தி மரங்களின் தகவமைப்புகளை விளக்குக.’ அந்தப் பாடத்தைப் படிக்காத மாணவிக்குப் பிச்சாவரம் மட்டும் நினைவிருக்கிறது. சேறு, உப்புநீர், ஏறி இறங்கும் அலை.

அதுவே போதும், ஒவ்வொன்றிலும் மரத்துக்கு என்ன இடைஞ்சல் என்று அவள் கேட்டுக்கொண்டால். வேர் சுவாசிக்க ஆக்சிஜன் வேண்டும் என்று அவள் முன்பே படித்திருக்கிறாள். நீர் தேங்கிய சேற்றில் காற்று மிகக் குறைவு. அப்படியானால் வேர் மேலே வந்தாக வேண்டும். படகில் போனபோது சேற்றிலிருந்து குச்சி குச்சியாக நீட்டிக்கொண்டிருந்தவை அந்த வேர்கள்தாம்! ‘சுவாச வேர்’ என்ற சொல் வராவிட்டாலும் காரணத்தோடு எழுதினால் திருத்துபவர் அந்தக் கருத்தை அடையாளம் காண முடியும். அடுத்து உப்பு: உள்ளே வராமல் தடுக்க வேண்டும், அல்லது வெளியேற்ற வேண்டும். இரண்டுமே இம்மரங்களில் உண்டு.

விதை மரத்திலேயே முளைப்பதை ஊகிப்பது கடினம். அந்த மதிப்பெண்ணை விட்டுவிடலாம். பெயர் தெரியாத உறுப்புக்குப் பெயர் புனைய வேண்டாம். படகுச் சவாரியை வர்ணித்தால் பக்கம் நிரம்பும், மதிப்பெண் வராது. எழுதிய வரியில் ‘அதனால்’ என்று சேர்த்து மரத்துக்கு வர முடியவில்லையா? அந்த வரியை அடித்துவிடுங்கள்.