'இதனால் அறியும் நீதி' என்று சொல்லாமலே நீதி சொல்வது எப்படி?

தாமிரபரணி கடலில் கலக்கும் புன்னக்காயல். இங்கே ஒரு குழந்தைகள் குறும்படம் எடுக்கிறீங்கன்னு வைத்துக்கொள்வோம். முடிவில் ஒரு குரல், 'எனவே குழந்தைகளே...' என்று ஆரம்பித்தால், குழந்தை அடுத்த வீடியோவுக்குப் போய்விடும். அந்தக் குரல் இல்லாமல் நீதி போய்ச் சேருமா?

வசனமே இல்லாத 6 நிமிடம்

பிக்சாரின் 'பைப்பர்' (2016) ஆஸ்கர் வென்ற குறும்படம். கடற்கரையில் அலையோடு ஓடிப் பிடித்து விளையாடுவது போல இரை தேடும் உள்ளான் பறவையின் குஞ்சுதான் நாயகி. அலை அவளைப் புரட்டிப் போடுகிறது. பயந்துபோய்க் கூட்டை விட்டு வர மறுக்கிறாள். பசி மட்டும் விடவில்லை.

பிறகு ஒரு குட்டித் துறவி நண்டைப் பார்க்கிறாள். அலை வந்ததும் அது ஓடாமல் மணலுக்குள் புதைந்துகொள்கிறது. அவளும் அப்படியே செய்கிறாள். தண்ணீருக்கடியில் கண் திறந்தால், சுற்றிலும் சிப்பிகள்!

'பயத்தை வெல்' என்று யாரும் சொல்லவில்லை. அதே அலை இரண்டு முறை வருகிறது. முதல் முறை புரண்டு பயந்தவள், இரண்டாம் முறை நிற்கிறாள். நீதி அந்த வித்தியாசத்தில் இருக்கிறது.

எங்கே சறுக்கும்?

காட்சியைக் குழந்தை அப்படியே எடுத்துக்கொள்ளும். மூன்று கால் நாயை மற்ற நாய்கள் ஒதுக்கி, பிறகு ஏற்கும் ஒரு கார்ட்டூனைச் சின்னக் குழந்தைகளுக்குக் காட்டி, அமெரிக்க ஆய்வாளர்கள் 2008-ல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். 'வித்தியாசமானவர்களையும் ஏற்க வேண்டும்' என்பதுதான் நீதி. பல குழந்தைகளுக்கோ அது மூன்று கால் நாய்களைப் பற்றிய பாடமாக மட்டுமே பட்டது.

புன்னக்காயலில் எப்படி எடுக்கலாம்?

'நாளைக்கும் மிச்சம் வை' என்பது நம் நீதி. பந்து வாங்கக் காசு சேர்க்கும் சிறுவன், ஆற்றில் நண்டு பிடிக்கிறான். முதல் நாள், வயிற்றுக்கடியில் முட்டைக் கொத்தோடு வந்த சினை நண்டையும் கூடையில் போடுகிறான். ஆச்சி பேசாமல் அதை எடுத்து ஆற்றில் விடுகிறாள். அவனுக்குக் கோபம்.

இன்னொரு நாள் தனியாக வருகிறான். வலையில் இரண்டு நண்டு. திருப்பிப் பார்க்கிறான். சினை இல்லாததைக் கூடையில் போடுகிறான். பெரிதாக இருக்கும் சினை நண்டைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசிக்கிறான், ஆற்றில் விடுகிறான். பந்து இன்னும் கடையில்தான் தொங்குகிறது.

ஒன்றை வைத்து, ஒன்றை விட்டதால் 'நண்டே பிடிக்கக் கூடாது' என்ற தப்பான பாடம் வராது. பந்து கிடைக்காததால் அவன் விட்டுக்கொடுத்தது தெரியும். யாரும் பார்க்காததால், பாராட்டுக்காகச் செய்ததாகவும் தோன்றாது. அங்கே ஆச்சி வந்து 'நல்ல பிள்ளை' என்று தட்டிக்கொடுத்தால், வெளியே அனுப்பிய அந்தக் குரல் வேறு வேஷத்தில் திரும்பி வந்துவிடும்.

சரியா வந்திருக்கா?

சவுண்டை மியூட் பண்ணி ஒரு குழந்தைக்குக் காட்டுங்க. 'என்ன கத்துக்கிட்ட?' வேண்டாம். 'அவன் ஏன் அதை விட்டான்?' என்று கேளுங்க. 'அதுக்குள்ள குட்டி இருந்துச்சு' என்று பதில் வந்தால், படம் பேசிவிட்டது.