நாக்கின் அடியில் பத்துச் சொட்டு

மூட்டுவலி, தூக்கமின்மை, படபடப்பு என்று எதைச் சொன்னாலும் ஒரே புட்டியை நீட்டுகிறார்கள். முப்பது மில்லி பழுப்புக் கண்ணாடிப் புட்டி, மூடியோடு ஒட்டிய சொட்டுக் குழாய், மேலே பச்சை இலைப் படம். பேர் சிபிடி ஆயில். 2020இல் நடிகர் சுஷாந்த் சிங் ராஜ்புத் மரணத்தை ஒட்டிப் போதைப்பொருள் தடுப்புத் துறை விசாரணை நடத்தியபோது இந்தப் பெயர் செய்திச் சேனல்களில் நாள் முழுக்க ஓடியது. அன்று அதைக் கேட்டு முகம் சுளித்த வீடுகளுக்கே இன்று அது 'சத்து மருந்து' என்று கூரியரில் வருகிறது. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ தாராவியிலோ இருந்து இதை வாங்க நினைப்பவர் முதலில் கேட்பது, "இது போதையா, பிடிபடுவோமா?" என்பதுதான். அதைவிட முக்கியமான கேள்வி வேறொன்று: வீட்டில் ஏற்கெனவே என்ன மாத்திரை ஓடிக்கொண்டிருக்கிறது?

சட்டத்தை முதலில் பார்த்துவிடுவோம். கஞ்சாச் செடியில் போதை தருவது டிஎச்சி. சிபிடி என்கிற கன்னாபிடியால் போதை தராது. அந்த அளவுக்கு விற்பவர் சொல்வது சரி. ஆனால் நம் சட்டம் எந்த வேதிப்பொருள் என்று கேட்பதற்கு முன் செடியின் எந்தப் பாகம் என்று கேட்கிறது. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சா என்றால் பூவும் காயும் உள்ள நுனிகள். அந்த நுனிகள் சேராத தனி இலையும் விதையும் அந்த விளக்கத்துக்குள் வருவதில்லை. செடியின் பிசினும், அதைச் செறிவூட்டி எடுத்த ஹஷீஷ் எண்ணெயும் சரஸ் என்ற தலைப்பில் நேராகவே தடைசெய்யப்பட்டவை. ஆகவே ஒரே நிறத்தில் ஒரே மணத்தில் இருக்கும் இரண்டு எண்ணெய்களில் இலையிலிருந்து எடுத்தது ஆயுர்வேத மருந்தாக இருக்கலாம், பூவிலிருந்து எடுத்தது குற்றவழக்காகலாம். வெளிநாட்டிலிருந்து உறவினர் பெட்டியில் போட்டுக் கொண்டுவரும் புட்டி பெரும்பாலும் இரண்டாவது வகை. அமெரிக்காவில் கடையில் கிடைக்கிறது என்பது சகார் விமான நிலையத்தில் பதிலாகாது. இங்கே வாங்கியதைத் துபாய்க்கு எடுத்துப்போவது அதைவிட ஆபத்து. ஹாங்காங்கும் 2023 பிப்ரவரியிலிருந்து சிபிடியையே தடைசெய்துவிட்டது.

இலை எண்ணெய் மட்டும் எப்படிச் சந்தைக்கு வருகிறது? ஆயுர்வேதத்தில் கஞ்சாவுக்கு 'விஜயா' என்று பெயர். மாநில உரிமம் பெற்ற ஆயுர்வேத மருந்தாக இந்த எண்ணெய் வருகிறது. அதனால்தான் லேபிளில் 'விஜயா இலைச் சாறு' என்று இருக்கும். ஆனால் அது சும்மா குடிக்கும் டானிக் அல்ல. மருந்து மற்றும் அழகுப்பொருள் விதிகளின் 'இ-1' அட்டவணையில், வத்சநாபி, ஊமத்தை, எட்டி ஆகியவற்றோடு கஞ்சா இலையான பாங்கும் நச்சுப்பொருள் பட்டியலில் நிற்கிறது. அப்படிப்பட்ட பொருளில் செய்த உள்மருந்தின் புட்டியில், மருத்துவக் கண்காணிப்பில் மட்டுமே உட்கொள்ள வேண்டும் என்ற எச்சரிக்கை ஆங்கிலத்திலும் இந்தியிலும் பளிச்சென்று இருக்க வேண்டும். உரிம எண், தொகுதி எண், தயாரித்தவர் முகவரி, காலாவதித் தேதி, எந்தப் பொருள் எவ்வளவு என்ற விவரம் எல்லாம் வேண்டும். எச்சரிக்கை வரி இல்லாத புட்டியைக் கடைக்காரர் எவ்வளவு இனிக்கப் பேசினாலும் திருப்பிக் கொடுத்துவிடலாம்.

மும்பைக்காரர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. மத்தியச் சட்டம் இலையை விட்டுவைத்தாலும், 1949ஆம் ஆண்டின் பம்பாய் மதுவிலக்குச் சட்டம் விடவில்லை. அதன் 66(1)(பி) பிரிவின்படி உரிமமின்றிப் பாங்கு வைத்திருப்பதும் உட்கொள்வதும் மகாராஷ்டிராவில் குற்றம். பழைய பம்பாய் மாகாணத்தின் இதே சட்டத்தை வைத்திருந்த குஜராத் 2017இல் பாங்கைப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டது. மகாராஷ்டிரா நீக்கவில்லை. 2022இல் கர்நாடக உயர் நீதிமன்றம் ஒரு ஜாமீன் மனுவில், பாங்கு போதைப்பொருள் சட்டத்தின் விளக்கத்தில் வரவில்லை என்று சொன்னதை விற்பனையாளர்கள் எடுத்துக்காட்டுவார்கள். அது மத்தியச் சட்டத்தைப் பற்றிய பேச்சு; இந்த மாநிலச் சட்டத்துக்கு விடையல்ல. ரசீதும் பெயர் எழுதிய மருத்துவச் சீட்டும் இல்லாமல் இந்தப் புட்டியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு லோக்கல் ரயிலில் அலைவது புத்திசாலித்தனம் இல்லை என்பது என் கருத்து.

சணல் விதை எண்ணெய் முற்றிலும் வேறு சரக்கு. 2021 நவம்பரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கஞ்சா விதையையும் விதை எண்ணெயையும் உணவாக அனுமதித்தது. அதில் சிபிடி கிலோவுக்கு 75 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது. கணக்குப் போட்டால் முப்பது மில்லி புட்டி முழுவதிலும் சுமார் 2 மில்லிகிராம்தான். அதைச் சிபிடி ஆயில் என்று ஆயிரக்கணக்கில் விலை போட்டு விற்றால், நீங்கள் வாங்குவது விலை கூடிய சமையல் எண்ணெய்.

சரி, நல்ல புட்டியே என்று வைத்துக்கொள்வோம். லேபிளில் '1000 மி.கி.' என்று இருக்கிறது. எதன் ஆயிரம்? பல புட்டிகளில் அது இலைச் சாற்றின் மொத்த எடை. அதற்குள் சிபிடி எவ்வளவு, டிஎச்சி எவ்வளவு என்பது தனியாகச் சொன்னால்தான் உண்டு. 'முழு நிறமாலை' என்று பெருமையாகப் போட்டிருந்தால் டிஎச்சியும் இருக்கிறது என்று அர்த்தம். வேலைக்கு முந்தைய சிறுநீர்ப் பரிசோதனையில் மாட்டிக்கொள்ள அது போதும். எழுதியிருப்பதே உள்ளேயும் இருக்குமா என்பது அடுத்த கேள்வி. 2017இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வில், இணையத்தில் வாங்கிய 84 சிபிடி பொருட்களைச் சோதித்தார்கள். லேபிளோடு ஒத்துப்போனவை 31 சதவீதம். மீதியில் பெரும்பங்கில் எழுதியதைவிடக் கூடுதலாகவே சிபிடி இருந்தது. 18 பொருட்களில் டிஎச்சி இருந்தது. ஒரே கம்பெனியின் போன மாதப் புட்டியும் இந்த மாதப் புட்டியும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வழியில்லை. உங்கள் தொகுதி எண்ணுக்கான ஆய்வகச் சான்றைக் கேளுங்கள். வேறு தொகுதியின் சான்றை அனுப்பினால் அது வெறும் காகிதம்.

இனி அளவு. ஆயிரமும் சிபிடிதான் என்றே கொள்வோம். ஒரு மில்லிக்கு ஏறக்குறைய 20 சொட்டு. புட்டியில் 600 சொட்டு. பத்துச் சொட்டில் சுமார் 17 மில்லிகிராம். இப்போது மருந்தாகவே நிரூபிக்கப்பட்ட சிபிடியைப் பாருங்கள். அமெரிக்காவில் 2018இல் அனுமதி பெற்ற எபிடியோலெக்ஸ், குழந்தைப் பருவத்தில் தொடங்கும் சில அரிய வகைக் கடும் வலிப்புகளுக்கு மட்டும். அதன் அளவு உடல் எடையில் கிலோவுக்குத் தினம் 10 மில்லிகிராம் வரையிலும், அதற்கு மேலும். அறுபது கிலோ ஆளுக்கு 600 மில்லிகிராம். நம் புட்டி இரண்டு நாளுக்குள் காலி. ஆக, மருத்துவ ஆய்வு பலன் கண்ட அளவு வேறு, டானிக்காக விற்கும் அளவு வேறு. சிறிய அளவில் மூட்டுவலி போகும் என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. பெரிய அளவுக்குப் போனால் பக்க விளைவுகள் நிஜமாகவே வருகின்றன. 2023இல் பிரிட்டனின் உணவுத் தர முகமை, ஆரோக்கியமான பெரியவர்களும் நாளுக்கு 10 மில்லிகிராமைத் தாண்ட வேண்டாம் என்று சொன்னது. கல்லீரல் பற்றிய கவலையும் அதற்கு ஒரு காரணம்.

கல்லீரலில்தான் விஷயம் இருக்கிறது. நாம் விழுங்கும் பல மாத்திரைகளைக் கல்லீரலின் சில நொதிகள் உடைத்து வெளியேற்றுகின்றன. சிபிடி அதே நொதிகளைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. மாத்திரை வெளியேறாமல் ரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். அமெரிக்காவின் அலபாமா பல்கலைக்கழக மருத்துவர்கள் பதிவுசெய்த ஒருவரின் கதை இதைத் தெளிவாகக் காட்டுகிறது. வயது 44, செயற்கை இதய வால்வு வைத்தவர், பக்கவாதத்துக்குப் பின் வந்த வலிப்புக்காக மருந்துத் தர சிபிடி கொடுத்தார்கள். ரத்தம் உறையாமலிருக்க அவர் எடுத்த வார்ஃபரின் அளவு பல மாதமாக மாறாமல் இருந்தது. சிபிடியைக் கூட்டக் கூட்ட, ரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் எண் ஏறிக்கொண்டே போனது. வார்ஃபரினைக் கிட்டத்தட்ட 30 சதவீதம் குறைத்த பிறகே எண் பிடிக்குள் வந்தது. அவருக்குக் கொடுத்தது பெரிய அளவு, டானிக் அளவல்ல. ஆனால் அவர் அடிக்கடி ரத்தம் பரிசோதிக்கப்பட்டவர். என்ன சாப்பிடுகிறார் என்று மருத்துவருக்குத் தெரியும். நம் பக்கத்தில் வால்வு மாற்றியவர்கள் பலர் அதே நொதி உடைக்கும் அசெனோகூமராலை எடுக்கிறார்கள். அவர்களில் ஒருவர் 'இயற்கை மருந்துதானே' என்று பத்துச் சொட்டை இருபதாக்கி, சயான் ஆஸ்பத்திரி டாக்டரிடம் சொல்லாமலும் விட்டால், ஈறில் ரத்தம், காரணமில்லாத நீலக் கன்றல், கறுத்த மலம் வந்த பிறகுதான் தெரியவரும். அப்படி வந்தால் அன்றைக்கே ஐஎன்ஆர் எடுக்க வேண்டும்.

வலிப்புக்குக் குளோபசாம் எடுப்பவருக்குச் சிபிடி சேர்ந்தால், அந்த மருந்து உடலில் மாறி உண்டாக்கும் இன்னொரு பொருள் மூன்று மடங்கு வரை ஏறலாம்; அவர் நாள் முழுக்கத் தூங்கி வழிவார். வால்ப்ரோயேட் எடுப்பவருக்குக் கல்லீரல் நொதிகள் உயரலாம். சிறுநீரகம் மாற்றியவர் எடுக்கும் டாக்ரோலிமஸும் ரத்தத்தில் ஏறலாம். இந்த மூன்றில் ஒன்று வீட்டில் இருந்தால் புட்டியைத் திறக்கும் முன் அந்த மருந்தை எழுதிய டாக்டரைக் கேட்டே ஆக வேண்டும். சிபிடியை ஏற்கெனவே தொடங்கிவிட்ட வலிப்புக்காரர் பயந்துபோய் வலிப்பு மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது.

ஏமாந்துவிட்டாலும் வழி இருக்கிறது. புட்டியைக் கழுவி எறியாதீர்கள்; மீதி எண்ணெய், ரசீது, விளம்பரத்தின் படம், வீடியோ காலில் வைத்தியர் அனுப்பிய சீட்டு எல்லாம் வேண்டும். தரம், லேபிள் பற்றிய புகார் பாந்திரா குர்லா காம்ப்ளெக்ஸில் உள்ள மகாராஷ்டிர உணவு, மருந்து நிர்வாகத்துக்குப் போகும். இலவச எண் 1800222365. உடம்புக்குக் கெடுதல் வந்தால் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1800-180-3024இல் நோயாளியே சொல்லலாம். நீரிழிவு, புற்றுநோய், வலிப்பு ஆகியவற்றைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மாய மருந்து விளம்பரத் தடைச் சட்டப்படி குற்றம். ஆகவே விளம்பரத்தின் படமே சாட்சி. பணத்துக்கு 1915ஐ அழைக்கலாம், அல்லது நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். கம்பெனி எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம். செலுத்திய விலை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும்.

பலரும் புகார் கொடுக்காததற்குக் காரணம், கஞ்சா என்ற சொல் வந்தால் நம்மையே பிடிப்பார்களோ என்ற பயம். அதைக் கம்பெனிகளும் அறிந்திருக்கின்றன. அந்தப் பயம் இருந்தால் முதலில் 15100ஐ அழையுங்கள். அது சட்ட உதவி ஆணையத்தின் எண். பெண்களுக்கும், பட்டியல் சாதியினருக்கும், வருமானம் குறைந்தவர்களுக்கும் வக்கீல் இலவசம். எழுத்தில் புகார் போவதற்கு முன் அந்த வக்கீல் புட்டியின் லேபிளையும் சீட்டையும் ஒருமுறை பார்த்துவிடட்டும்.