இலாபப் பகிர்வு விகித மாற்றம்

கூட்டாண்மை நிறுவனத்தில் இருக்கும் கூட்டாளிகளே, அனைவரின் சம்மதத்துடன், தம் இலாபப் பகிர்வு விகிதத்தை மாற்றிக்கொள்ளலாம். அப்போது ஒருவர் இழக்கும் பங்கு மற்றொருவருக்குச் சேர்கிறது.

மதுரையில் ஒரு சுங்குடிச் சேலைக் கடையை அ, ஆ, இ ஆகிய மூவர் 3:2:1 விகிதத்தில் நடத்துவதாகக் கொள்வோம். இனி இலாபத்தைச் சமமாகப் பகிர முடிவு செய்கின்றனர். பழைய பங்கிலிருந்து புதிய பங்கைக் கழிக்க வேண்டும்.

அ: 3/6 − 2/6 = 1/6 (தியாகம்)
ஆ: 2/6 − 2/6 = 0
இ: 1/6 − 2/6 = −1/6 (ஆதாயம்)

ஏட்டில் பொதுக்காப்பு ரூ.60,000 உள்ளது. இது பழைய விகிதத்தில் ஈட்டிய இலாபம். எனவே அதைப் பழைய விகிதத்திலேயே ரூ.30,000, ரூ.20,000, ரூ.10,000 என முதல் கணக்குகளில் வரவு வைக்க வேண்டும். மாணவர்கள் பலர் புதிய விகிதத்தில் பிரித்துவிடுவர். அப்படிச் செய்தால் அ ரூ.10,000 இழப்பார்.

காப்பைப் பிரிக்காமல் ஏட்டிலேயே வைத்திருக்க விரும்பினால், சரிக்கட்டுப் பதிவு ஒன்று போதும்:

இ முதல் க/கு ப. 10,000
  அ முதல் க/கு 10,000

சரிபார்ப்போம்: பின்னாளில் காப்பு ஆளுக்கு ரூ.20,000 எனப் பிரியும். இப்பதிவையும் சேர்த்தால் அ-வுக்கு ரூ.30,000, இ-க்கு ரூ.10,000 கிடைக்கும். பழைய விகிதப்படி கிடைக்க வேண்டியதும் அதுவே.