நான்கு விறகுத் துண்டு

பிரெஞ்சுக் கவி ஜார்ஜ் பிராஸன்ஸ் 1954-ல் வெளியிட்ட 'ஓவெர்ஞ்காரனுக்கு ஒரு பாட்டு' என்பதில் நிகழ்வது மிகச் சொற்பமே. குளிரில் ஒருவன் நான்கு விறகு தந்தான்; பசியில் ஒருத்தி நான்கு துண்டு ரொட்டி தந்தாள்; போலீஸார் பிடித்துச் சென்றபோது ஓர் அந்நியன் துயரத்தோடு புன்னகைத்தான். கைம்மாறாகக் கவி வேண்டுவதோ, மரணத்திற்குப்பின் அவர்களுக்குப் பரமபிதாவின் சந்நிதி!

நம் நெஞ்சைத் தொடுபவன் அந்த மூன்றாமவனே. அவன் பொருள் எதுவும் ஈயவில்லை. ஊரார் எள்ளி நகைத்தபோது கைதட்டாமல் நின்றான், அவ்வளவுதான்.

கவியும் இதை அநுபவித்தவர். 1944-ல் ஜெர்மானியரின் கட்டாய வேலை முகாமுக்குத் திரும்ப மறுத்த அவரைப் பாரிஸில் ஏழைத் தம்பதிகளான ழான், மார்ஸெல் பிளான்ஷ் மறைத்து வைத்தனர். குழாய் நீரும் மின்விளக்கும் இல்லாத வீடு. ஒளிந்துகொள்ளப் புகுந்தவர் 22 ஆண்டு அங்கேயே தங்கிவிட்டார்.